அரூர் தோட்டச் சுற்று: வழிகாட்டி பேச வேண்டியது

(பிப்ரவரி, காலை 8 மணி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் மொழிபெயர்ப்பாளருக்காக நிறுத்தவும்.)

வணக்கம், வாங்க. யாருக்காவது உணவு ஒவ்வாமை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். செடியிலிருந்து எதையும் பறித்து வாயில் போட வேண்டாம். கழுவி வைத்த தட்டில் உள்ளதை மட்டும் ருசி பாருங்கள்.

இது மஞ்சள். நட்டு எட்டு, ஒன்பது மாதம் கழித்து இலை காய்ந்ததும் வெட்டுவோம். இந்தக் கிழங்கை உடைத்து முகருங்கள். மண்வாசனை, அதோடு கொஞ்சம் இஞ்சி வாடை. இரண்டும் ஒரே குடும்பம்தானே! கடையில் வாங்கும் தூளில் இந்தப் பச்சை மணம் இருக்காது; கிழங்கை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் அரைக்கிறார்கள். நகக்கண் அளவு துண்டு போதும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் தள்ளி நில்லுங்கள், கறை லேசில் போகாது.

கொத்தமல்லியைக் கசக்கி முகருங்கள். சிலருக்கு சோப்பு வாடை அடிக்கும். பிறவியிலேயே அப்படி, முகம் சுளித்தால் கோபிக்க மாட்டோம்.

அடுத்து மிளகாய். காரம் விதையில் இல்லை, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பில். நுனியை மட்டும் கடியுங்கள். எரிந்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், அது எரிச்சலைப் பரப்பும். அந்தப் பானையில் தயிர் இருக்கிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவும்வரை கண்ணைத் தொடவே கூடாது. போன மாதம் ஒருவர் தொட்டுவிட்டு அரை மணி நேரம் அழுதார்.

சரி, புளியமரத்து நிழலுக்குப் போவோம். ஓட்டை உடைத்து, கொட்டையை மட்டும் துப்பிவிடுங்கள்.