பரதநாட்டிய மேடைப் பதிவு: உருப்படி, கலைஞர், இசை விவரக் குறிப்பு

பதிவு எண்: பநா-2024-118
நிகழ்ச்சி: தனி மார்க்கம், மார்கழி உற்சவம், மயிலாப்பூர், சென்னை
நாள்: 28 டிசம்பர் 2024, சனிக்கிழமை (மார்கழி 13), மாலை 6.30
நீளம்: 01:38:20. நேரங்கள் எல்லாம் தொகுத்த கோப்பின் தொடக்கத்திலிருந்து, மணி:நிமிடம்:நொடி.
படம்: இரண்டு கேமரா, 1920×1080, நொடிக்கு 25 சட்டகம்
ஒலி: 8 ட்ராக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்
சுருதி: 5 கட்டை, நிகழ்ச்சி முழுவதும் மாறவில்லை

கலைஞர்கள்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பெயர்களுக்கு இங்கே குறியீடு மட்டும். பொதுப் பக்கத்தில் பெயர் காட்டும்போது படிவத்தில் அவரவர் எழுதிய எழுத்துக்கூட்டலையே எடுக்கவும்.

க1 நர்த்தகி, எல்லா உருப்படிகளும்
க2 நட்டுவாங்கம், எல்லா உருப்படிகளும்; ஜதிகள், கோர்வைகள் அமைத்தவரும் இவரே
க3 வாய்ப்பாட்டு (பெண் குரல்)
க4 மிருதங்கம்
க5 வயலின்
க6 புல்லாங்குழல், இடைவேளை, 4, 5, 7 மட்டும். முதல் பாதியில் மேடையில் இருந்தாலும் வாசிக்கவில்லை
க7 ஒளியமைப்பு
க8 ஒப்பனை, தலை அலங்காரம்
க9 ஒலிப்பதிவு
க10 கேமரா, படத்தொகுப்பு
தம்புரா: மின் தம்புரா, கலைஞர் இல்லை. இதற்கு யார் பெயரையும் சேர்க்கக் கூடாது.

நடன அமைப்பு என்பது தனிப் புலம். நட்டுவாங்கம் செய்தவரே அமைத்தவர் என்று தானாக நிரப்பிவிடாதீர்கள். இந்த மார்க்கத்திலேயே இரண்டு இடத்தில் அது தவறாகிவிடும்.

உருப்படிகள்

1. அலாரிப்பு. 00:04:10 – 00:08:35. தாளம் திஸ்ர ஏகம், மூன்று எண்ணிக்கை. ராகப் புலம் "இல்லை": சொற்கட்டு மட்டுமே, ஆதார சுருதியில். சிலர் அலாரிப்போடு திருப்புகழ் பாடுவது உண்டு. இங்கே இல்லை, ஆகவே இயற்றியவர் புலத்தில் அருணகிரிநாதர் வர மாட்டார். நடன அமைப்பு: க2.

2. ஜதிஸ்வரம். 00:09:50 – 00:16:05. சாவேரி, ரூபகம். இசை: தஞ்சை பொன்னையா. சாகித்தியம் கிடையாது, மொழிப் புலம் "பொருந்தாது". நடன அமைப்பு: க2.

3. வர்ணம், "மோகமான என்மீது". 00:18:20 – 00:53:05. பைரவி, ரூபகம், தமிழ். இசையும் சாகித்தியமும்: தஞ்சை பொன்னையா (தஞ்சை நால்வரில் ஒருவர்; மற்றவர்கள் சின்னையா, சிவானந்தம், வடிவேலு). நடன அமைப்பு: க2, சஞ்சாரிகள்: க1.

அன்றைய அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இரண்டு பிழைகள், இரண்டும் இங்கே திருத்தப்பட்டுள்ளன. முதலாவது, தாளத்தை ஆதி என்று போட்டிருந்தார்கள். பல பெரிய வர்ணங்கள் ஆதியில் இருப்பதால் வந்த பழக்கப் பிழை இது. ஆறு அட்சர ஆவர்த்தனம்தான்; எட்டு எண்ணிக்கை போட்டுப் பார்த்தால் முதல் திரிகால ஜதியின் அறுதியே எடுப்புக்கு வந்து சேராது. இரண்டாவது, இயற்றியவர் தியாகராஜர் என்று இருந்தது. சாகித்தியத்தில் வரும் தியாகராஜ சுவாமி பாட்டுடைத் தலைவன், சிவபெருமான். இந்தப் பதிவில் தியாகராஜரின் கிருதி ஒன்றும் (உருப்படி 7) இருப்பதால் தேடலில் இரண்டும் கலந்துவிடும். தெய்வத்தின் பெயரைக் கருப்பொருள் புலத்திலும், ஆசிரியரின் பெயரை இயற்றியவர் புலத்திலும் மட்டும் வைக்கவும்.

பகுதிகள்: முதல் திரிகால ஜதி 00:20:52, அனுபல்லவி 00:31:40, முக்தாயி ஸ்வரம் 00:38:15, அதன் சாகித்தியம் 00:40:02, சரணம் 00:42:30. மாணவர்கள் தேடுவது இந்த ஐந்து இடங்களைத்தான், ஆகவே வீடியோவிலும் அத்தியாயக் குறியாக இவை வேண்டும்.

```
{
  "urupadi": 3,
  "title": "மோகமான என்மீது",
  "ragam": "பைரவி",
  "talam": "ரூபகம்",
  "composer": "தஞ்சை பொன்னையா",
  "deity": "தியாகராஜ சுவாமி",
  "in": "00:18:20",
  "out": "00:53:05"
}
```

இடைவேளை, 00:53:05 – 01:02:10. உடை மாற்றம். வயலின், குழல், மிருதங்கம் மட்டும்: யமுனாகல்யாணி ராக ஆலாபனை. உருப்படி எண் கொடுக்கவில்லை, ஆனால் க4, க5, க6 மூவருக்கும் தனி இசைக் குறிப்பு உண்டு. வெட்டி எறியாதீர்கள், குழலின் நல்ல பகுதி இங்கேதான் இருக்கிறது.

4. தேவர்நாமா, "கிருஷ்ணா நீ பேகனே பாரோ". 01:02:10 – 01:13:40. யமுனாகல்யாணி (யமன் கல்யாணி என்றும் தேடுவார்கள், இரண்டையும் இடவும்), மிஸ்ர சாபு, கன்னடம். இயற்றியவர்: வியாசதீர்த்தர் (வியாசராயர்). புரந்தரதாசர் என்று வெளியில் அடிக்கடி எழுதப்படுகிறது. முத்திரையைக் கேட்டாலே விளங்கும்: புரந்தரதாசர் பாட்டில் "புரந்தர விட்டல" வரும், இதில் முடிவு உடுப்பி ஸ்ரீகிருஷ்ணனில். நடன அமைப்பு: க1.

5. பதம், "தெருவில் வாரானோ". 01:15:00 – 01:24:20. கமாஸ், ரூபகம், தமிழ். இயற்றியவர்: முத்துத்தாண்டவர். நடன அமைப்பு: க1. ரஸக் குறிச்சொல் சிருங்காரம். "பக்தி" என்று மட்டும் போட்டால் பாதி விஷயம் போய்விடும். காத்திருக்கும் நாயகியின் பாட்டு இது.

6. தில்லானா. 01:25:40 – 01:33:55. தனஸ்ரீ, ஆதி. இயற்றியவர்: சுவாதித் திருநாள் (1813–1846). சாகித்திய வரிகள் ஹிந்துஸ்தானி. ராகம் கேட்பதற்கு பீம்பளாசிக்கு அருகில் இருக்கும், அதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். நடன அமைப்பு: க2.

7. மங்களம், "நீ நாம ரூபமுலகு". 01:34:30 – 01:36:05. சௌராஷ்டிரம், ஆதி, தெலுங்கு. இயற்றியவர்: தியாகராஜர்.

ஒலி ட்ராக்குகள்

1 வாய்ப்பாட்டு, 2 நட்டுவாங்கம் (சொல்லும் தாளமும் ஒரே மைக்), 3 மிருதங்கம் வலந்தலை, 4 தொப்பி, 5 வயலின், 6 குழல், 7–8 மேடைத் தரை மைக், சலங்கைக்காக.

குறைகள்

00:21:07 முதல் 00:21:30 வரை ட்ராக் 1 உடைகிறது. க2 பாடகருக்கு ஒட்டி அமர்ந்திருந்ததால் கைத்தாளத்தின் அடி குரல் மைக்கில் நேராக விழுந்தது. மைக் அளவைப் பாட்டுக்கு வைத்திருந்தார்கள், ஜதிக்கு வைக்கவில்லை. இந்த 23 நொடிக்கு ட்ராக் 1-ஐத் தணித்து ட்ராக் 2-ஐ முன்னால் கொண்டுவந்து கலக்கவும்.

00:38:50 – 00:40:00: முக்தாயி ஸ்வரக் கோர்வையின்போது இரண்டு கேமராவும் இடுப்புக்கு மேலேதான் காட்டுகின்றன. பாதம் தெரியவில்லை. இந்த இடத்தை அடவு கற்பதற்கான பட்டியலில் சேர்க்க வேண்டாம். ட்ராக் 7-இல் சலங்கை தெளிவாகக் கேட்கிறது, நடையைக் காதால் எண்ணிவிடலாம்.

உருப்படி 5 முழுவதும் சிவப்பு விளக்கில் முகம் வெளிறியிருக்கிறது. நிறம் ஓரளவு திருத்தியாகிவிட்டது. கண்ணசைவு 01:19:30-க்குப் பிறகு தெளிவு.

உரிமை

பாடல்கள் எல்லாம் பழைய வாக்கேயக்காரர்களுடையவை, பதிப்புரிமைக் காலம் முடிந்தவை. நிகழ்த்துநர் உரிமை அப்படியல்ல: இந்தியச் சட்டப்படி அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு, அதாவது 31 டிசம்பர் 2074 வரை க1 முதல் க6 வரை ஆறு பேருக்கும் உண்டு. நடன அமைப்புக்குத் தனி உரிமை. அதற்கு க1, க2 இருவரிடமும் எழுத்தில் அனுமதி பெறப்பட்டுள்ளது. அனுமதி கல்விப் பயன்பாட்டுக்கும் முழுப் பதிவுக்கும் மட்டும். 60 நொடிக்கு மேற்பட்ட துண்டை வெளியிட வேண்டுமானால் இருவரையும் மறுபடி கேட்க வேண்டும்.