கண்காணிப்பாளர் அம்மாவுக்குப் பணி நிறைவு வாழ்த்துரை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அய்யா அவர்களே, வருகை தந்திருக்கும் தலைமை ஆசிரியப் பெருமக்களே, அலுவலக நண்பர்களே, அம்மாவின் குடும்பத்தாரே, இன்று பிற்பகல் பணி நிறைவு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் திருமதி செல்வராணி அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அலுவலகப் பணியாளர்கள் சார்பில் பேச எனக்கு வாய்ப்புத் தந்ததற்கு நன்றி.

அம்மா 1991-ல் குரூப் 4 தேர்வில் தேறி, அறந்தாங்கி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர். பிறகு உதவியாளர், அப்புறம் கண்காணிப்பாளர். கார்பன் தாள் வைத்துச் சம்பளப் பட்டியல் தட்டச்சு செய்த காலத்தையும் பார்த்தார், கணினியில் களஞ்சியம் மென்பொருளில் பட்டியல் ஏற்றும் காலத்தையும் பார்த்தார். பணிப்பதிவேடுகள் கணினிக்கு மாறியபோது, பழைய பதிவேட்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பதிவாகத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். ஈட்டிய விடுப்புக் கணக்கில் ஒரு நாள் விடுபட்டிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இந்த அலுவலகத்தில் சேரும் எல்லோருக்கும் அம்மா முதலில் சொல்லித்தருவது ஒன்றுதான். "குறை இருந்தா எல்லாத்தையும் ஒரே கடிதத்துல கேட்டுடுங்க. இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு கேட்காதீங்க. அங்க ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்." ஓய்வூதியக் கருத்துரு பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒரு சான்று குறைந்தால் கோப்பு பள்ளிக்குத் திரும்பும், மறுபடி நம்மிடம் வரும், பிறகு மாநிலக் கணக்காயர் அலுவலகம் போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் வாரக்கணக்கில் ஆகும். பணி முடித்த ஓர் ஆசிரியர் வீட்டில் அத்தனை வாரங்களும் வருமானம் இல்லாத வாரங்கள். அம்மா கோப்பைப் பார்க்கும்போது அந்த வீட்டையும் சேர்த்தே பார்த்தார்.

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார்கள். கணவர் பணியில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். பணிப்பதிவேட்டில் ஒரு முன்னெழுத்து, வங்கிக் கணக்கில் வேறு முன்னெழுத்து. குடும்ப ஓய்வூதியம் அதனாலேயே நின்றிருந்தது. நம் கண்காணிப்பாளர் அம்மா அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். அந்தக் கணவர் முதலில் வேலை பார்த்த பள்ளிக்குத் தாமே போன் செய்து, பதிவறையில் கிடந்த நியமன ஆணையைத் தேடி எடுக்கச் சொன்னார். ஆணை வந்ததும் கருத்துரு போனது, ஓய்வூதியமும் வந்தது. விழா என்று கேள்விப்பட்டு அந்த அம்மாவும் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். யாரும் அழைப்பிதழ் அனுப்பவில்லை.

எங்கள் குறிப்புகளை அம்மா வெறுமனே 'திருத்தி வைக்கவும்' என்று திருப்பியது கிடையாது. ஓரத்தில் பென்சிலால் சரியான விதியை, அரசாணை எண்ணை எழுதியிருப்பார். நாங்கள் திருத்திய பிறகு அந்தப் பென்சில் எழுத்தை அவரே அழித்துவிடுவார். மேலே போகும் கோப்பில் எங்கள் பிழை தெரியாது, எங்கள் வேலை மட்டும் தெரியும். எங்களில் பலர் கோப்பு எழுதக் கற்றது அந்த ஓரங்களில்தான்.

என் அப்பா தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தபோது மாதக் கடைசி. என் பிரிவுச் சம்பளப் பட்டியலைத் தாமே முடித்து, கருவூலத்துக்கு அனுப்பிவிட்டு, "பட்டியல் போயிடுச்சு, நீ அப்பாவைப் பாரு" என்று மட்டும் போனில் சொன்னார். இப்படி ஒன்றைச் சொல்ல இந்த அறையில் ஒவ்வொருவருக்கும் இருக்கும்.

அம்மாவின் கணவருக்கும் மகளுக்கும் நாங்கள் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தணிக்கை நாட்களில் இரவு எட்டு மணிக்கு வாசலில் வண்டியோடு சார் காத்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். இனி அந்த மாலை நேரமெல்லாம் உங்களுக்குத்தான். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ராமேசுவரம் பயணத்தை முதலில் முடியுங்கள் அம்மா. முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பாருங்கள், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. சந்தேகம் வந்தால் போன் செய்வோம், எடுக்க வேண்டும்.

நல்ல உடல்நலத்தோடும் மன நிறைவோடும் நீங்கள் நீடூழி வாழ அலுவலகப் பணியாளர்கள் அனைவரின் சார்பிலும் வாழ்த்துகிறேன். இப்போது மாவட்டக் கல்வி அலுவலர் அய்யா அவர்கள் அம்மாவுக்குப் பொன்னாடை அணிவித்து, பணியாளர்களின் நினைவுப் பரிசை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து அம்மா ஏற்புரை வழங்குவார்கள்.

நன்றி, வணக்கம்.