தொலைந்துபோன நான்கு பார்சல்களுக்கு இழப்பீடு கோரும் கடிதம்

நாள்: 28.03.2025

அனுப்புநர்:
க. வசந்தி,
மர விளக்குகள், சுவர்க் கடிகாரங்கள் விற்பனை,
வாடிக்கையாளர் கணக்கு எண் 40718.

பெறுநர்:
மேலாளர்,
இழப்பீட்டுப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: 7730418825, 7730418836, 7730419102, 7730419640 ஆகிய எண்களில் அனுப்பிய பார்சல்கள் தொலைந்தது, இழப்பீடு கோருவது தொடர்பாக.

பார்வை: 12.03.2025 அன்று பதிவான புகார் எண் 558213, அதற்கு 20.03.2025 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய பதில்.

ஐயா / அம்மையீர்,

மேலே சொன்ன நான்கு பார்சல்களையும் மார்ச் முதல் வாரத்தில் உங்கள் பிக்கப் ஊழியர் என் கிடங்குக்கு வந்து எடுத்துச்சென்றார். ஒன்றுகூட வாங்கியவர் கைக்குப் போகவில்லை, என்னிடமும் திரும்பி வரவில்லை. நான்கு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆகவே இப்போது நஷ்டம் முழுவதும் என் தலையில்தான்.

என் புகாருக்கு வந்த பதிலில், "சரியாகப் பேக்கிங் செய்யப்படாத பார்சல்களுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது" என்று ஒரே வரி இருந்தது. பொருள் உடைந்து போய்ச் சேர்ந்திருந்தால் பேக்கிங்கைப் பற்றிப் பேசலாம். பார்சலே காணாமல் போயிருக்கும்போது அட்டைப்பெட்டி எப்படி இருந்தால் என்ன? நான்கில் எதையும் யாரும் பிரித்துப் பார்த்ததாக உங்கள் பதிவிலும் இல்லை. எல்லாப் புகாருக்கும் அனுப்பும் பதிலை எனக்கும் அனுப்பிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். எனவே ஒவ்வொரு பார்சலுக்கும் என்ன நடந்தது என்பதை உங்கள் சொந்த டிராக்கிங் பதிவை வைத்தே சொல்கிறேன்.

முதல் இரண்டும் (7730418825, 7730418836) 03.03.2025 அன்று மாலை ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை. முதலாவதில் மர மேசை விளக்கு, பில் மதிப்பு ரூ. 4,200. இரண்டாவதில் சுவர்க் கடிகாரம், ரூ. 3,650. இரண்டும் BG-20917 என்ற ஒரே பையில் போடப்பட்டதாக அன்றிரவே ஸ்கேன் ஆகியிருக்கிறது. மறுநாள் அந்தப் பை அடுத்த ஹப்பில் இறங்கியபோது பதிவான நிலை `Bag Received - Short 2`. பை வந்தது, அதிலிருந்த இரண்டு பார்சல்கள் வரவில்லை என்பதைப் பையைப் பிரித்த உங்கள் ஊழியரே எழுதி வைத்திருக்கிறார். இதற்குமேல் நான் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. பையின் முத்திரை எண் புறப்பட்டபோதும் இறங்கியபோதும் ஒன்றாகவே இருந்ததா என்பதை உங்கள் ஆட்கள் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.

மூன்றாவது (7730419102) 05.03.2025 அன்று எடுத்தது. சிறிய கடிகாரம், ரூ. 1,480. 06.03.2025 அன்று ஹப்புக்குள் நுழைந்த ஸ்கேன் இருக்கிறது, வெளியேறிய ஸ்கேன் இல்லை. இன்றுவரை `In Transit` என்றே காட்டுகிறது. லாரியில் ஏறியதற்கே பதிவில்லாத பார்சல் "பயணத்தில்" இருக்கிறது என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்வது நியாயமில்லை.

நான்காவதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. 7730419640, பெரிய நிலை விளக்கு, ரூ. 5,900. இதற்கு 08.03.2025 அன்று `Delivered` என்று போட்டிருக்கிறீர்கள். டெலிவரிக்குப் புறப்பட்டதாக ஸ்கேன் ஆன நேரம் காலை 11.38. வாங்கியவரிடம் கொடுத்ததாக ஸ்கேன் ஆன நேரம் 11.41. கிளைக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே 14 கிலோமீட்டர். மூன்று நிமிடத்தில் எப்படிப் போனார்கள்? நான் கேட்ட டெலிவரி சான்றில் வாங்கியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் `Self` என்று மட்டும் இருக்கிறது. கீழே ஒரு கோடு, அதைக் கையெழுத்து என்று சொல்ல முடியாது. வாசலில் எடுத்த புகைப்படமும் இல்லை. வாடிக்கையாளர் அன்று அலுவலகத்தில் இருந்தார், தனக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடிதத்தை இணைத்துள்ளேன். அன்று அந்த வழியில் போன ஊழியரின் கைக்கருவியில் டெலிவரி பதிவான இடம் தெரியும் அல்லவா? அதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இனி தொகைக்கு வருகிறேன். முதல், இரண்டாவது, நான்காவது பார்சல்களுக்கு ரிஸ்க் கவர் கட்டணம் கட்டியிருக்கிறேன். உங்கள் மார்ச் மாத பில்லில் அது தனி வரியாகவே இருக்கிறது. கவர் எடுத்த பார்சல் தொலைந்தால் பில் மதிப்பு முழுவதும் தரப்படும் என்பது நீங்கள் எழுதிக் கொடுத்த நிபந்தனை. அதன்படி 4,200, 3,650, 5,900 சேர்ந்து ரூ. 13,750. மூன்றாவது பார்சலுக்குக் கவர் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட பார்சலுக்கு அதிகபட்சம் ரூ. 1,000 என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதில் நான் வாதாடப் போவதில்லை. அப்புறம், கொண்டு சேர்க்காத பார்சலுக்குக் கூலி வாங்க முடியாது. நான்குக்கும் வசூலித்த கூரியர் கட்டணம் 185, 170, 120, 210, ஆக ரூ. 685. எல்லாம் சேர்த்து நான் கோருவது ரூ. 15,435.

கவர் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அது எதற்காகக் கட்டினேனோ அந்த வேலையை இப்போது செய்தால் போதும். இழந்த லாபம், வாடிக்கையாளர் போட்ட ஒற்றை நட்சத்திர மதிப்பீடு, தொலைபேசியில் காத்திருந்த நேரம் எதற்கும் கணக்குப் போடவில்லை.

இந்தத் தொகையை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அடுத்த மாத பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். வேண்டாம். இழப்பீட்டையும் பில்லையும் கலந்தால் பிறகு எது எதற்கு என்று இரண்டு பேருக்குமே குழப்பம். கூரியர் கட்டணம் ரூ. 685-க்கு மட்டும் கிரெடிட் நோட் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொன்று. இடையில் எந்தப் பார்சலாவது கிடைத்தால் தயவுசெய்து பழைய முகவரிக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஆர்டர்கள் ரத்தாகி, பணமும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்துப் பொருள் நல்ல நிலையில் இருந்தால் அந்தப் பார்சலின் மதிப்பைக் கோரிக்கையிலிருந்து நானே குறைத்துக்கொள்கிறேன். மூன்றாவது பார்சல் ஹப்பின் மூலையில் எங்காவது லேபிள் கிழிந்து கிடக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். பெட்டிக்குள் பொருளோடு பில் நகலும் வைத்திருக்கிறேன், பிரித்தால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

உங்கள் நிபந்தனைப்படி புக்கிங் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் கோர வேண்டும். அந்தக் கெடுவுக்குள்தான் இதை அனுப்புகிறேன். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரே பிரதி வருகிறது. 15.04.2025-க்குள் பணமோ, மறுப்பதாக இருந்தால் பார்சல் வாரியாகக் காரணமோ எனக்கு வந்துசேர வேண்டும். இரண்டும் வராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புவேன், அந்தச் செலவையும் சேர்த்தே கேட்பேன். விசாரணை முடியும்வரை அந்த நாட்களின் ஹப் கேமரா பதிவுகளையும் BG-20917 பையின் ஸ்கேன் விவரங்களையும் அழிக்காமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
க. வசந்தி

இணைப்பு: பிக்கப் ஊழியர் கையெழுத்திட்ட பட்டியல்கள், நான்கு விற்பனை பில்கள், வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பியதற்கான வங்கிச் சான்று, டிராக்கிங் பக்க நகல்கள், நான்காவது பார்சலின் டெலிவரி சான்று, வாடிக்கையாளர் கடிதம், மார்ச் மாத கூரியர் பில், ரத்து செய்யப்பட்ட காசோலை.