கடைக்கு வந்ததும் நின்றுவிட்ட சத்தம்

வாடிக்கையாளர்: தம்பி, ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் வருகிறது. ஆனால் எப்போதும் வராது.

மெக்கானிக்: இப்போது வருகிறதா சார்?

வாடிக்கையாளர்: அதுதானே! வரும் வழியில்கூட வந்தது. உங்கள் கடையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது.

மெக்கானிக்: இங்கே வருகிற பாதி வண்டி அப்படித்தான். எப்படிச் சத்தம்? கீச்சென்றா, கடகடவென்றா?

வாடிக்கையாளர்: கர்ர்ர்ர் என்று. கூடவே ஒரு நடுக்கம், கால் வைக்கும் இடத்தில் நன்றாகத் தெரியும்.

மெக்கானிக்: நடுக்கமும் உண்டா? சரி. பிரேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா?

வாடிக்கையாளர்: இரண்டும் இல்லை.

மெக்கானிக்: நின்று கிளம்பும்போது?

வாடிக்கையாளர்: ஆமாம்! சிக்னலில் நின்றுவிட்டு மெதுவாக முறுக்கினால் வரும். பத்து, பதினைந்து அடி போனதும் சரியாகிவிடும்.

மெக்கானிக்: பின்னால் ஆள் உட்கார்ந்தால்?

வாடிக்கையாளர்: கண்டிப்பாக வரும். என் மகள்தான் முதலில் சொன்னாள். நான்தான் நம்பவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை.

மெக்கானிக்: ஸ்டாண்டில் சக்கரம் சும்மா சுற்றும் சார், கிளட்சுக்கு வேலையே இல்லை. ஆள் எடையை இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நான் பின்னால் உட்காருகிறேன், அந்த மேட்டில் நிறுத்தி எடுங்கள்.

(மேடு வரை போய்த் திரும்புகிறார்கள்.)

வாடிக்கையாளர்: கேட்டதா? கேட்டதா?

மெக்கானிக்: கேட்டது. கிளட்ச் ஷூதான். தேய்ந்த தூள் உள்ளே சேர்ந்திருக்கும், இல்லையென்றால் ஷூவின் மேல்பகுதி பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். சட்டென்று பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது, அதுதான் நடுக்கம். முழுதாகப் பிடித்த பிறகு சத்தம் இருக்காது.

வாடிக்கையாளர்: அப்போ கிளட்சை மாற்ற வேண்டுமா?

மெக்கானிக்: அவசரப்படாதீர்கள். கழற்றிச் சுத்தம் செய்து உப்புத்தாள் போட்டாலே பல வண்டிகளில் நின்றுவிடும். ஷூ ரொம்பத் தேய்ந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். அதைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது?

வாடிக்கையாளர்: 24,000 கிலோமீட்டர்.

மெக்கானிக்: பெல்ட் மாற்றினீர்களா?

வாடிக்கையாளர்: பெல்ட்டா? ஆயில்தான் மாற்றுவேன்.

மெக்கானிக்: அப்படியானால் அதையும் பார்த்துவிடுகிறேன். அதே மூடிக்குள்தான் இருக்கிறது.

வாடிக்கையாளர்: இந்த வாரம் கொஞ்சம் வேலை. அடுத்த வாரம் கொண்டுவரட்டுமா?

மெக்கானிக்: இந்தச் சத்தத்துக்காக என்றால் காத்திருக்கலாம். பெல்ட் அப்படியில்லை. வெடிப்பு விட்டிருந்து நடுவழியில் அறுந்தால், இன்ஜின் ஓடும், வண்டி நகராது. தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

வாடிக்கையாளர்: வேண்டாம்பா. விட்டுவிட்டே போகிறேன். எப்போது வரட்டும்?

மெக்கானிக்: சாயங்காலம் வாருங்கள். மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் முதலில் போன் செய்து கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். அப்புறம் சார், மேட்டிலிருந்து இறங்கும்போது சீட்டுக்கு அடியில் டங் டங் என்று இடித்ததே, அது என்ன?

வாடிக்கையாளர்: அதுவா? பழைய பூட்டு. ரொம்ப நாளாக அங்கேதான் கிடக்கிறது.

மெக்கானிக்: அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.