சர்வர் எச்சரிக்கை: முதல் பொறுப்பாளர் எடுக்காவிட்டால் இரண்டாமவரை அழைக்கும் விதிகள்

மருந்து ஆர்டர் சேவையின் சர்வர்களைக் கவனிக்கும் ஆறு பேருக்கும், குழுத் தலைவருக்கும், இரவு உதவி மேசைக்கும் இவை பொருந்தும்.

இரவில் நம்மிடம் வரும் ஆர்டர்கள் பெரும்பாலும் மருத்துவமனை மருந்தகங்கள் அனுப்புபவை. அவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நோயாளியும் காத்திருக்கிறார். அதனால்தான் ஒருவர் விழித்துக்கொள்வதை மட்டும் நம்பி இந்த ஏற்பாட்டை அமைக்கவில்லை. யாராக இருந்தாலும் ஒரு நாள் போன் ஒலிப்பது கேட்காமல் போகும். லிஃப்டில் இருப்பார், காய்ச்சலில் படுத்திருப்பார், சிக்னல் இருக்காது. இரண்டாமவருக்கு அழைப்பு போவது முதலாமவர் மீதான புகார் அல்ல. அதற்காக யாரிடமும் விளக்கம் கேட்கப்பட மாட்டாது.

எது எழுப்பலாம், எது எழுப்பக் கூடாது

ஆர்டர் ஏற்கப்படாமல் போவது, பணம் செலுத்துவது தோல்வியடைவது, முதன்மை தரவுத்தளம் பதில் சொல்லாதது, இப்போதைய வேகத்தில் எழுதினால் நான்கு மணி நேரத்துக்குள் வட்டு நிரம்பிவிடும் என்ற நிலை: இவை நான்கு மட்டுமே `critical`. சிபியு 90 சதவீதத்தில் இருப்பது தனியாக யாரையும் எழுப்பாது. ஆர்டர்கள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் சர்வர் உழைக்கட்டும். சான்றிதழ் காலாவதியாக 14 நாள் இருக்கிறது என்பது போன்றவை `warning`. காலையில் அரட்டைக் குழுவில் பார்த்தால் போதும்.

தேவையில்லாமல் இரவில் ஒலித்த எச்சரிக்கை எதுவானாலும் அந்த வாரமே திருத்தப்பட வேண்டும் அல்லது நீக்கப்பட வேண்டும். பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கைக்குப் பழகிய காது உண்மையானதையும் ஒதுக்கிவிடும்.

நேரக் கணக்கு

எச்சரிக்கை எழுந்தவுடன் முதல் பொறுப்பாளருக்குச் செயலி அறிவிப்பும் குறுஞ்செய்தியும் போகும். இரண்டாம் நிமிடத்தில் தொலைபேசி அழைப்பு, நான்காம் நிமிடத்தில் இன்னொரு அழைப்பு. எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்துவதே ஒப்புகை. ஐந்து நிமிடத்தில் அது வராவிட்டால் இரண்டாம் பொறுப்பாளருக்கு. அவருக்கு முதல் நொடியிலேயே தொலைபேசி அழைப்புதான். பத்தாம் நிமிடத்தில் குழுத் தலைவர். பதினைந்தாம் நிமிடத்தில் சுற்று மீண்டும் முதலாமவரிடமிருந்து தொடங்கும். அதே நேரத்தில் இரவு உதவி மேசைக்கும் செய்தி போகும். மேசையில் இருப்பவர் நம் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைகளிடமிருந்து தொலைபேசியில் ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிடலாம். அந்த முடிவை எடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு.

மொத்தம் மூன்று சுற்றுகள். ஐந்து நிமிடம் குறைவு என்று சிலர் சொன்னார்கள். மடிக்கணினியைத் திறந்து உள்நுழையும் நேரத்தை அதில் சேர்த்துக் கணக்கிட்டதால் அப்படித் தோன்றுகிறது. ஐந்து நிமிடம் பொத்தானை அழுத்துவதற்கு மட்டுமே.

ஒப்புகை தரும்போது

பத்து நிமிடத்துக்குள் மடிக்கணினி முன் உட்கார முடியும் என்றால் மட்டும் ஒப்புகை கொடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், மருத்துவமனையில் யாரையாவது பார்த்துக்கொண்டிருந்தால், அழுத்தாதீர்கள். செயலியில் அடுத்தவருக்கு மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், ஐந்து நிமிடத்தில் தானாகப் போய்விடும். இந்த விதிகளில் மிக ஆபத்தான செயல், சத்தத்தை நிறுத்துவதற்காக ஒப்புகை கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பது. அந்த நொடியில் இரண்டாமவருக்குப் போகவிருந்த அழைப்பும் நின்றுவிடுகிறது. யாரோ பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இதைத் தடுக்கவே ஒப்புகையின் ஆயுள் 30 நிமிடம் என்று வைத்திருக்கிறோம். வேலை முடியாவிட்டால் மீண்டும் அழுத்த வேண்டும். இல்லையென்றால் எச்சரிக்கை மறுபடி ஒலிக்கும்.

அழைப்பு குரல் அஞ்சலுக்குப் போனால் அது ஒப்புகை ஆகாது. அரட்டையில் “பார்க்கிறேன்” என்று எழுதுவதும் ஆகாது. கருவிக்கு அது தெரியாது.

இரண்டாம் பொறுப்பாளருக்கு

அழைப்பு வந்தவுடன் ஒப்புகை கொடுங்கள், அரட்டைக் குழுவில் ஒரு வரி எழுதுங்கள், வேலையைத் தொடங்குங்கள். முதலாமவருக்கு என்ன ஆயிற்று என்று அழைத்துக் கேட்க வேண்டாம். அந்த நேரம் ஆர்டருக்குரியது. வீட்டில் தனியாக இருப்பவர் என்று கவலையாக இருந்தால் குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், அவர் விசாரிப்பார்.

முதலாமவர் பிறகு விழித்து வந்தாலும் பொறுப்பு இரண்டாமவரிடமே இருக்கும். “இனி நீங்கள் பாருங்கள்” என்று இவர் சொல்லி, “சரி, நான் பார்க்கிறேன்” என்று அவர் பதில் எழுதிய பிறகுதான் கை மாறும். அதுவரை கட்டளைகளை ஒருவர் மட்டுமே இயக்க வேண்டும். மற்றவர் பதிவுகளைப் படித்துச் சொல்லலாம். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. முதன்மை தரவுத்தளம் விழுந்ததாக நினைத்து ஒருவர் நகல் சர்வரை முதன்மையாக்க அதில் `SELECT pg_promote();` கொடுக்க, அதே நேரத்தில் இன்னொருவர் பழைய முதன்மையை மறுபடி இயக்கிவிட்டால், இரண்டு சர்வர்களும் தனித்தனியாக ஆர்டர்களைப் பதிவு செய்யும். எந்த ஆர்டர் எங்கே பதிவானது என்று பிரித்தெடுப்பது, சேவை ஒரு மணி நேரம் நின்றதைவிடப் பெரிய துன்பம்.

குழுத் தலைவரை அழைக்க யாரும் தயங்கக் கூடாது. வயதில் மூத்தவர், பகலில் களைத்துப் போனவர், சின்ன விஷயமாக இருந்துவிட்டால் என்ன நினைப்பாரோ என்ற எண்ணங்கள் நம்மிடம் இயல்பாக வரும். இருபது நிமிடம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால் எழுப்புங்கள். வீணாக எழுப்பியதாக எவரும் எவரையும் சொல்லக் கூடாது. இதற்குத் தலைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கருவியில் உள்ள அமைப்பு

அலர்ட்மேனேஜருக்கு ஒப்புகை பற்றி எதுவும் தெரியாது. அதிலுள்ள `repeat_interval` அதே இடத்துக்கு அதே செய்தியைத் திரும்ப அனுப்புமே தவிர, அடுத்த ஆளைத் தேடாது. ஆள் மாற்றும் வேலை முழுவதும் பேஜர்டியூட்டியில் இருக்கிறது. நேரங்களை மாற்ற வேண்டுமானால் அங்கேதான் மாற்ற வேண்டும். இங்கே இருப்பது இவ்வளவே:

```yaml
route:
  receiver: chat
  group_by: [alertname, cluster]
  routes:
    - matchers: ['severity="critical"']
      receiver: pager
      group_wait: 10s
      repeat_interval: 1h
    - matchers: ['alertname="Watchdog"']
      receiver: watchdog
      group_wait: 0s
      group_interval: 1m
      repeat_interval: 50s
```

கண்காணிப்பு சர்வரே செத்துப்போனால் எந்த எச்சரிக்கையும் வராது, அந்த அமைதி நலம் போலத் தெரியும். அதற்காக எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது:

```yaml
- alert: Watchdog
  expr: vector(1)
```

இது வெளியே உள்ள ஒரு சேவைக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். ஐந்து நிமிடம் அது வராவிட்டால் வெளிச் சேவை முதலாமவரை அழைக்கும். மேலே சொன்ன வரிசை அப்படியே தொடரும்.

போனும் ஷிப்ட்டும்

ஐபோனில் முக்கிய எச்சரிக்கைகளுக்கான அனுமதியும், ஆண்ட்ராய்டில் தொந்தரவு தடையை மீறும் அனுமதியும் தரப்பட்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து செயலியை விலக்குங்கள். பல போன்கள் இரவில் அதை உறங்க வைத்துவிடுகின்றன. ஒரே வாரத்தில் முதல், இரண்டாம் பொறுப்பாளர்கள் இருவரும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சிம்மை மட்டும் வைத்திருக்கக் கூடாது. இருவரும் ஒரே ரயிலில் பயணம் செய்யவும் கூடாது, ஒரே திருமணத்துக்குப் போவதாக இருந்தாலும்.

ஷிப்ட் மாற்றிக்கொள்வது உங்கள் இருவருக்குள் முடிவாகட்டும். ஆனால் மாலை 6 மணிக்குள் கருவியின் அட்டவணையில் மாற்றியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் மட்டும் மாறியிருந்தால் அட்டவணையில் பெயர் உள்ளவரே பொறுப்பு.

ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை காலை 11 மணிக்கு ஒரு சோதனை எச்சரிக்கை விடப்படும். முதலாமவர் வேண்டுமென்றே எடுக்காமல் இருப்பார். இரண்டாமவருடைய போன் ஆறாம் நிமிடத்துக்குள் ஒலிக்காவிட்டால் அன்று மாலைக்குள் காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அதுவரை அவரிடம் இரவு ஷிப்ட் தரப்படாது.

இரவு 12 முதல் காலை 5 மணி வரை எழுப்பப்பட்டு வேலை செய்தவர், முதலாமவரோ இரண்டாமவரோ, மறுநாள் பிற்பகல் 1 மணிக்கு வந்தால் போதும். அனுமதி கேட்க வேண்டியதில்லை. அரட்டையில் தெரிவித்தால் போதும்.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணி ஷிப்ட் மாற்றத்திலிருந்து இவை நடைமுறைக்கு வரும். அதற்கு முன் ஆறு பேரும் தங்கள் போனில் ஒரு சோதனை அழைப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, குழுத் தலைவரிடம் சொல்லிவிட வேண்டும்.