வார விலை, இருப்புக் கணக்கு: ஜூலை 21 திங்கள் முதல் 26 சனி வரை

அண்ணாச்சி, நீங்கள் ஊரில் ஆடிக் கொடையில் இருப்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடைப் பையன்கள் தினமும் ஷீட்டில் போட்டதையும், சனிக்கிழமை மதியம் நானே குடோனில் எண்ணியதையும் வைத்து எடுத்த கணக்கு இது. சரக்கு எண்ணிக்கை கீழே இருக்கிறது. பூசணி மட்டும் கிலோவில், மற்றதெல்லாம் பெட்டி அல்லது மூட்டை.

| சரக்கு | பழைய இருப்பு | வரத்து | விற்றது | கழிவு | சனி இருப்பு |
|---|---|---|---|---|---|
| தக்காளி (14 கிலோ பெட்டி) | 40 | 1,150 | 1,098 | 31 | 61 |
| பெரிய வெங்காயம் (50 கிலோ) | 210 | 300 | 322 | 9 | 179 |
| சின்ன வெங்காயம் (50 கிலோ) | 38 | 60 | 71 | 4 | 23 |
| உருளை (50 கிலோ) | 160 | 200 | 214 | 3 | 143 |
| பச்சை மிளகாய் (30 கிலோ) | 12 | 90 | 86 | 5 | 11 |
| மஞ்சள் பூசணி | 400 | 2,400 | 2,650 | 0 | 150 |

முதலில் தக்காளி, ஏனென்றால் இந்த வாரம் ஆட்டம் காட்டியது அதுதான். திங்கள் 420 ரூபாய்க்கு 160 பெட்டி, செவ்வாய் 440க்கு 150 பெட்டி என்று நன்றாகத்தான் போனது. புதன்கிழமை சீனிவாசபுரம் லோடு இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கியதில் 380க்கு வந்துவிட்டது, அன்றைக்கு மட்டும் 280 பெட்டி தள்ளினோம். வியாழன் லாரி காலை ஒன்பதைத் தாண்டித்தான் வந்தது. அதற்குள் சில்லறைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், 460 விலை இருந்தும் கையில் இருந்த 90 பெட்டிதான் விற்றது. தார்ப்பாய் இறுக்கிக் கட்டி வந்ததால் உள்ளே வெந்து போயிருந்தது, 31 பெட்டி கழிவில் 22 அந்த ஒரு லோடில் வந்ததுதான். வெள்ளி 350க்கு 218, சனி 340க்கு 200.

ஷீட்டில் கீழே வரும் சராசரியை நம்பிவிடாதீர்கள். ஆறு நாள் விலையையும் கூட்டி ஆறால் வகுத்தால் 398 ரூபாய் வருகிறது. உண்மையில் வந்த பணம் 4,25,300, அதாவது பெட்டிக்கு 387 ரூபாய்தான். விலை இருந்த வியாழனன்று சரக்கு இல்லை, சரக்கு குவிந்த நாளில் விலை இல்லை. 398ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 12,000 ரூபாய் இல்லாத பணத்தை இருக்கிறதென்று நினைத்துக்கொள்வோம். இனி இப்படித்தான் எடுக்கப் போகிறேன் (C எண்ணிக்கை, D விலை):

```
=SUMPRODUCT(C2:C7,D2:D7)/SUM(C2:C7)
```

பெரிய வெங்காயம் மூட்டை 1,050க்கும் 1,100க்கும் நடுவிலேயே நின்றது. நாசிக் பழைய சரக்கு, மேல்தோல் கழன்று கொண்டிருக்கிறது, இரண்டு மூட்டையில் அடி முளைத்திருந்தது. 179 மூட்டை இருக்கும்போது புது லோடு வேண்டாம் என்று நான் நினைக்கிறேன். அமாவாசை அன்று வெங்காயப் பக்கம் ஆள் வராது என்று தெரிந்தே செவ்வாய் லோடு இறக்கியது நம் தவறு. உருளை 1,150, மாற்றமில்லை. சின்ன வெங்காயம் 2,600, கூழ் ஊற்றுகிற கோயில்களுக்குத்தான் பாதி போனது.

மஞ்சள் பூசணிதான் இந்த வாரம் கை கொடுத்தது. திங்கள் கிலோ 14, புதன் படையலுக்கு வாங்க வந்த கூட்டத்தில் 24, அமாவாசை முடிந்ததும் சனிக்கிழமை 12. மிச்சம் 150 கிலோதான், அதைப் பற்றிக் கவலையில்லை. வாழைக்காயும் கொஞ்சம் எடுத்திருக்கலாம், பக்கத்துக் கடையில் தார் நின்ற இடம் தெரியவில்லை.

பச்சை மிளகாயில் ஷீட் 14 மூட்டை காட்டியது, குடோனில் 11தான். களவு ஏதும் இல்லை அண்ணாச்சி, பயப்பட வேண்டாம். புதன்கிழமை மெஸ்ஸுக்குப் போன 3 மூட்டையைப் பையன் ‘பச்சமிளகாய்’ என்று அடித்திருக்கிறான், கூட்டுகிற SUMIF அந்த வரியைத் தொடவே இல்லை. பில் இருக்கிறது, திருத்திவிட்டேன். மேலே இருப்பது திருத்திய கணக்கு. இனி பெயரை அடிக்க விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்துவிடுகிறேன்.

கடனில் போனது 1,86,000, வசூல் 1,12,500. மூன்று வாரமாக இழுக்கிற ஹோட்டல் ஒன்று இருக்கிறது, யாரென்று உங்களுக்கே தெரியும், நீங்கள் ஒரு போன் போட்டால்தான் நகரும்.

அடுத்த வாரம் திங்கள் ஆடிப் பூரம், ஞாயிறு ஆடிப்பெருக்கு. சின்ன வெங்காயம் 23தான் இருக்கிறது, 40 மூட்டை துறையூரிலிருந்து சொல்லட்டுமா? ஞாயிறு இரவுக்குள் சொன்னால் செவ்வாய்க்கு வந்துவிடும். தக்காளி லோடு எவ்வளவு என்பதையும் அதோடு சொல்லிவிடுங்கள்.