பிடி கடைசியில்தான்: 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான ஆறு வாரக் கபடிப் பயிற்சி

இடம்: பள்ளி மைதானம். சனி, ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை. பிள்ளைகள் 16 பேர். சொல்லிக்கொடுக்க நான்கு பேர், ஆளுக்கு நான்கு பிள்ளைகள். இது உதவிக்கு வரும் அண்ணன்களும் அக்காக்களும் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய தாள்.

பொங்கல் போட்டிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் நாளே ‘பிடிக்கலாமா சார்?’ என்றுதான் கேட்பார்கள். நான்காவது வாரம் முடியும்வரை நம் பதில் ‘இன்னும் இல்லை’. நிற்கவும் நகரவும் விழவும் தெரியாத பிள்ளையைப் பிடிக்க விட்டால் முழங்கால், தோள், பல் என்று ஏதாவது ஒன்று போகும். அதனால் வரிசையை மாற்றக் கூடாது. வேகமாகக் கற்கும் பிள்ளை இருந்தால் அதே படியில் இடது பக்கமாகவும் செய்யச் சொல்லுங்கள். அடுத்த படிக்குத் தாண்டவிட வேண்டாம்.

விசிலுக்கு முன்

மைதானத்தை நால்வரும் வரிசையாக நடந்து பாருங்கள். கல், கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள் எதுவும் இருக்கக் கூடாது. மண்ணைக் கொத்திவிட்டு முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்துவைத்தால் ஆடும் நேரத்தில் பதமாக இருக்கும். ஆடும் அன்றே ஊற்றினால் வழுக்கும்.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்லி நகத்தைப் பாருங்கள். பெரிய ஆட்டத்திலும் நகம் வெட்டாமல் இறங்கக் கூடாது என்பது விதி. நகவெட்டி பையில் இருக்கிறது. கொலுசு, வளையல், தோடு, கழுத்துக் கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். அரைஞாண் கயிற்றைக் கழற்ற வீட்டில் சம்மதிக்காவிட்டால் சட்டையை டவுசருக்குள் விட்டு, கயிறு விரலில் மாட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். நீள முடி என்றால் பின்னி மடித்துக் கட்டட்டும், ஊசி கிளிப் வேண்டாம். இளைப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் உங்கள் பையில் இருக்க வேண்டும், மைதான ஓரத்தில் அல்ல.

ஜோடி சேர்க்கும்போது வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பையன்களில் 28 கிலோவும் உண்டு, 45 கிலோவும் உண்டு.

எல்லோருக்கும் ஒரே ஒரு சொல்: ‘விடு’. யார் சொன்னாலும், எந்தப் பிடியில் இருந்தாலும், அந்த நொடியே கை எடுக்க வேண்டும். வாய் திறக்க முடியாவிட்டால் இரண்டு முறை தட்டினால் போதும். இதை முதல் நாள் பத்து முறை விளையாட்டாகவே செய்து பாருங்கள்: கையைப் பிடிப்பது, ‘விடு’, விடுவது.

படி 1: நிலையும் நகர்வும் (முதல் வாரம்)

பத்து நிமிடம் ஓடிப்பிடித்து ஆடினாலே உடம்பு சூடாகிவிடும். அப்புறம் நிலை. கால்கள் தோள் அகலம், முழங்கால் மடங்கியிருக்கும், எடை முன்பாதத்தில், கை முன்னால், பார்வை எதிராளியின் இடுப்பில். காலைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள், முகத்தைப் பார்த்தாலும் ஏமாந்துபோவார்கள். இடுப்பு பொய் சொல்லாது என்று சொல்லிக்கொடுங்கள்.

பயிற்சி ‘நிழல்’. இருவர் ஒரு மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்க, ஒருவர் பக்கவாட்டில் நகர்வார், மற்றவர் அப்படியே தொடர்வார். 15 நொடி, பிறகு மாற்றம். நகரும்போது கால் மேல் கால் போகக் கூடாது. குறுக்கே போனால் விசில், மீண்டும் முதலில் இருந்து. தொடுவதே இல்லாத பயிற்சி இது, ஆனால் அரைமணி நேரம் சலிக்காமல் செய்வார்கள்.

படி 2: பாட்டு (முதல் வாரம் ஞாயிறு முதல்)

‘கபடி கபடி’ என்று இடைவிடாமல், நடுவருக்குக் கேட்கும்படி, ஒரே மூச்சில் பாட வேண்டும். எதிர்ப் பக்கம் பாடிப் போய்த் திரும்புவது ஒரு ரைடு. பெரியவர்களுக்கு அது 30 நொடி. நம் பிள்ளைகளுக்கு 10 நொடியில் தொடங்கி, மூன்றாம் வாரம் 15. அதற்கு மேல் வேண்டாம். யார் அதிக நேரம் மூச்சுப் பிடிப்பது என்ற போட்டியை யாரும் தொடங்கிவைக்காதீர்கள். தலைசுற்றி விழுந்த பிள்ளைக்குப் பாட்டு என்றாலே பயம் வந்துவிடும்.

முதலில் நின்றபடி, பிறகு நடந்தபடி, பிறகு நடுக்கோட்டைத் தாண்டிப் போய், எதிர்ப் பக்கக் குறுக்குக் கோட்டை மிதித்துத் திரும்பும்வரை. அந்தக் குறுக்குக் கோடுதான் பாக் கோடு. ஆண்கள் ஆட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர், நமக்கு 2 மீட்டர். பிள்ளைகள் பாட்டைக் கோட்டைத் தாண்டிய பிறகு தொடங்குவார்கள், திரும்பி வரும்போது முடிவதற்கு முன்பே விட்டுவிடுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே தொடங்கி, இந்தப் பக்கம் கால் வைத்த பிறகே நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 3: தொடுதல் (இரண்டாம், மூன்றாம் வாரம்)

வால் பறித்தல். ஒவ்வொருவரும் ஒரு கைக்குட்டையை இடுப்பின் பின்னால் செருகிக்கொள்வார்கள். பாடிப் போகிறவர் 10 நொடிக்குள் ஒரு வாலையாவது பறித்துத் திரும்ப வேண்டும். எதிரே மூன்று பேர். அவர்கள் விலகலாம், கையால் தள்ளவோ தடுக்கவோ கூடாது. கை நீட்டும்போது முழு உடம்பும் முன்னால் சாய்ந்தால் திரும்ப முடியாது. ஒரு கால் எப்போதும் நடுக்கோட்டுப் பக்கம் ஊன்றியிருக்கட்டும்.

இது வசப்பட்டதும் வாலை எடுத்துவிட்டு, தோளிலிருந்து முழங்கை வரை மட்டும் தொடச் சொல்லுங்கள். அடுத்து கால் விரல் நுனியால் தொடுவது: முதலில் தரையில் வைத்த சாக்குத்துண்டை, அப்புறம் ஆளின் பாதத்தை, அதுவும் வெறுங்காலோடு. இது உதை இல்லை. கால் தரையை உரசியபடி நீள வேண்டும், முழங்கால் உயரத்துக்கு எழும்பினால் அந்த ரைடு செல்லாது. முகத்தில் கைபட்டாலும் அப்படியே.

படி 4: விழுதல் (மூன்றாம் வாரம், பிறகு ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம்)

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அறுவடை முடிந்த நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, உள்ளே கையை விட்டு நன்றாகத் துழாவி, மேலே தார்ப்பாய் போட்டு, ஓரத்தை மண்ணால் அழுத்திவிடுங்கள். தார்ப்பாய் நகர்ந்தால் பயிற்சியை நிறுத்தி இழுத்துக் கட்டிய பிறகே மீண்டும்.

முதலில் குந்தி உட்கார்ந்த நிலை. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். ‘தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் எலுமிச்சம்பழம் இருக்கு, கீழே விடாதே’ என்றால் புரிந்துகொள்வார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சாய வேண்டும். தொடை, இடுப்பு, தோளின் பின்பக்கம் என்ற வரிசையில் தரை படட்டும். எந்தப் பிள்ளையும் முதல் முறை உள்ளங்கையைத்தான் ஊன்றும். மணிக்கட்டு உடைவதற்கு அதுவே வழி. அதட்டாமல் ‘கையைக் கட்டு, உருளு’ என்று மட்டும் சொல்லுங்கள்.

முன்பக்கம் விழுவதற்கு மண்டியிட்ட நிலையிலிருந்து தொடங்குங்கள். முழங்கை மடங்கி, முன்கையும் உள்ளங்கையும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும், முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். குந்தியதும் மண்டியும் இரண்டு பக்கமும் ஐந்து முறை சரியாக வந்தால்தான் நின்ற நிலை. நின்ற நிலை சரியாக வந்தால்தான் அடுத்தவர் தோளை மெல்லத் தள்ள விழுவது. பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், குந்தியபடியே செய்யட்டும், தானாகவே எழுந்து வரும்.

படி 5: இருவர் சங்கிலி (நான்காம் வாரம்)

கோடியில் நிற்கும் கார்னரும் பக்கத்து ஆளும் உள்ளங்கையோடு உள்ளங்கை பிடிக்கட்டும். விரல் கோக்கவே கூடாது, இழுபறியில் விரல் முறுகும். ஒருவர் முன்னால் போனால் மற்றவர் பின்னால் இழுக்காமல் சேர்ந்து போக வேண்டும். பாடி வருபவர் ஒரு பக்கம் நகர்ந்தால் சங்கிலி அரைவட்டமாக மூடி வழியை மறிக்கும். பிடிப்பது இன்னும் கிடையாது.

படி 6: பிடி (ஐந்தாம் வாரம்)

தொடைப்பிடி ஒன்று மட்டுமே. பாடிப் போகிறவர்தான் ரைடர். முதலில் அவர் அசையாமல் நிற்பார். பிடிப்பவர் பக்கவாட்டில் ஒரு அடி உள்ளே வைத்து, முதுகை நேராக வைத்து, முழங்காலுக்கு மேலே தொடையை இரண்டு கையாலும் அணைக்க வேண்டும். ஒரு கை மறு கையின் மணிக்கட்டைப் பிடிக்கும். கன்னம் ரைடரின் இடுப்பில் ஒட்டியிருக்கும், தலை அவர் முதுகுப் பக்கம், கண் திறந்திருக்கும். தலை முன்பக்கம் போனால் ரைடர் விழும்போது கழுத்து அடியில் மாட்டும். சொல்லிக்கொடுக்கும் நால்வரில் ஒருவர் இதை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், தலை தப்பான பக்கம் போனால் உடனே விசில்.

வரிசை இப்படி: நின்ற ரைடர், நடக்கும் ரைடர், பாடிக்கொண்டு நடப்பவர், அரை வேகத்தில் பாடி வருபவர். முழு வேகம் இந்த ஆறு வாரத்தில் கிடையாது. பிடித்து இரண்டு நொடி நின்றால் விசில், ரைடர் அவுட். கீழே தள்ளுவதும் தூக்குவதும் வேண்டாம்.

ஓடிவந்து தோளால் மோதுவது, கணுக்காலுக்குப் பாய்வது, இரண்டு காலால் கத்தரிபோலப் பின்னுவது, வாயைப் பொத்துவது, சட்டையையோ முடியையோ இழுப்பது எதற்கும் இடமில்லை. டிவியில் பர்தீப் நர்வாலின் டுப்கியைப் பார்த்துவிட்டு வந்து சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழையப் பார்க்கும் பிள்ளை நிச்சயம் இருக்கும். திட்ட வேண்டாம், ரசித்துவிட்டு நிறுத்துங்கள். குனிந்த தலையில் முழங்கால் இடிக்கும் என்று மெதுவாக நடித்துக் காட்டினால் போதும்.

ஆட்டம் (ஆறாம் வாரம்)

களம் 9 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். நான்குக்கு நான்கு. பெரிய ஆட்டத்தில் உள்ள லாபி, போனஸ், லோனா எதுவும் இல்லை. ஒரு ரைடு 15 நொடி, கடைசி ஐந்தை நடுவர் சத்தமாக எண்ணுவார். தொட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி, பிடித்தால் ஒரு புள்ளி. பாட்டு விட்டாலும் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் அவுட். ஒரு ரைடரை இருவருக்கு மேல் பிடிக்கக் கூடாது. தவறான பிடி என்றால் எதிரணிக்குப் புள்ளி, இரண்டாவது முறை என்றால் அடுத்த ரைடு வரை வெளியே.

பெரிய ஆட்டத்தில் தம் அணி புள்ளி எடுத்தால்தான் அவுட்டானவர் உள்ளே வர முடியும். இங்கே அந்த விதி வேண்டாம். சின்னப் பிள்ளைதான் முதலில் அவுட்டாகி முழு ஆட்டமும் வெளியே உட்கார்ந்திருக்கும். இரண்டு ரைடு முடிந்ததும் தானாக உள்ளே வரட்டும். ஒவ்வொருவரும் ஒரு சுற்று பாடிப் போன பிறகே யாருக்கும் இரண்டாவது ரைடு.

ஐந்து நிமிடம் ஆட்டம், மூன்று நிமிடம் நிழலில் தண்ணீர். தலையில் அடிபட்டால், பிள்ளை ‘ஒண்ணுமில்ல அண்ணா’ என்று சொன்னாலும், அன்று மீண்டும் இறக்கக் கூடாது. வீட்டுக்குத் தகவல் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வீங்கிய மூட்டை யாரும் நீவிவிட வேண்டாம், துணியில் சுற்றிய ஐஸ் வைத்துவிட்டு அனுப்புங்கள்.

முடிந்ததும் முழங்கால், முழங்கை சிராய்ப்பைச் சோப்புத் தண்ணீரால் கழுவி அனுப்ப வேண்டும். உங்கள் நான்கு பிள்ளைகளில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று நோட்டில் குறித்துவையுங்கள். விழுதலில் நிற்கும் பிள்ளை ஆறாம் வாரத்திலும் விழுதலில்தான் நிற்கும். அந்தப் பிள்ளைக்கு ஆட்டத்தில் பாடிப் போகவும் தொடவும் மட்டும் அனுமதி, அவரைப் பிடிக்க வருபவர்கள் தோளில் தொட்டாலே பிடித்ததாகக் கணக்கு.